சிரிஞ்சில் அளந்த கேப்பைக் கஞ்சி

அப்பா ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த முதல் வாரம், அவருக்குப் புரை ஏறும்போதெல்லாம் அம்மா உச்சந்தலையில் இரண்டு தட்டு தட்டி, "யாரோ நினைக்கிறாங்க" என்பார். நாங்களும் சிரித்துக்கொள்வோம். பக்கவாதம் வந்த மனிதரை ஊரில் பத்துப் பேர் நினைக்கத்தானே செய்வார்கள்? அந்த இருமலின் அர்த்தம் எங்களுக்குப் பன்னிரண்டாம் நாள்தான் தெரிந்தது. அன்று காய்ச்சல் 101, மூச்சு இரைப்பு. மறுபடி ஆஸ்பத்திரி. எக்ஸ்ரே பார்த்த டாக்டர் வலது நுரையீரலின் கீழ்ப்பகுதியைக் காட்டி, "சாப்பாடு இங்க போயிருக்கு" என்றார்.

அப்பாவுக்கு 68 வயது. இடது மூளையில் அடைப்பு. வலது கை, வலது கால், முகத்தின் வலது பாதி எல்லாம் தளர்ந்துபோயின. கை காலைப் பார்த்தாலே தெரிகிறது. தொண்டைக்குள்ளும் அதே தளர்ச்சி இருப்பது வெளியே தெரியாது. பக்கவாதம் வந்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு முதல் நாட்களில் விழுங்குவதில் சிக்கல் இருக்கும், பலருக்கு சில வாரங்களில் சரியாகிவிடும் என்று முதல் தடவையே சொல்லியிருந்தார்கள். அப்பாவுக்கு ஆறு நாள் மூக்கில் டியூப் இருந்தது. அதை எடுத்துவிட்டு, "தண்ணி, காபி எதுவானாலும் கெட்டியாக்கிக் குடுங்க, சாப்பாட்டை மசிச்சுக் குடுங்க" என்று சொல்லி அனுப்பினார்கள். எவ்வளவு கெட்டி என்று நாங்கள் கேட்கவில்லை. கேட்கத் தோன்றவே இல்லை. கஞ்சி என்றால் கெட்டிதானே என்று நினைத்தோம்.

தண்ணீர் ஏன் ஆபத்து என்பதை இரண்டாவது தடவை பார்த்த ஸ்பீச் தெரபிஸ்ட்தான் புரியும்படி சொன்னார். பேச்சுக்குத்தானே ஸ்பீச் தெரபிஸ்ட் என்று நினைத்திருந்தேன், விழுங்குவதையும் பார்ப்பது அவர்கள்தான். நாம் விழுங்கும் அந்த ஒரு நொடியில் குரல்வளை மேலே ஏறி, மூச்சுக்குழாய் மூடிக்கொள்கிறது. தொண்டை தளர்ந்தவருக்கு அந்தக் கதவு சற்றுத் தாமதமாக மூடுகிறது. தண்ணீர் வேகமாக ஓடும், கதவு மூடுவதற்குள் உள்ளே போய்விடும். கெட்டியான திரவம் மெதுவாக வரும், கதவுக்கு நேரம் கிடைக்கும். "அப்படின்னா நல்லா கூழு மாதிரியே கொடுத்துடலாமே" என்று அம்மா கேட்டார். "ரொம்பக் கெட்டியானா தொண்டையிலேயே ஒட்டி நிக்கும்மா. அவர் மூச்சு இழுக்கும்போது அது நழுவி உள்ள போகும்" என்றார் தெரபிஸ்ட். ஆக, அளவு வேண்டும்.

பேரியம் கலந்த திரவத்தைக் குடிக்கவைத்து எக்ஸ்ரேயில் வீடியோ எடுக்கும் பரிசோதனையை மதுரையில் செய்தோம். திரையில் நான் பார்த்ததை மறக்க முடியாது. தண்ணியாக இருந்த திரவம் கறுப்புக் கோடாக மூச்சுக்குழாய்க்குள் இறங்கியது. அப்பா இருமவே இல்லை. ஒன்றுமே நடக்காததுபோல் உட்கார்ந்திருந்தார். இருமினால்தான் ஆபத்து, இருமாவிட்டால் நன்றாகச் சாப்பிடுகிறார் என்று நாங்கள் போட்டிருந்த கணக்கு அங்கே பொய்யாகிப்போனது. தொண்டையில் உணர்ச்சியும் மரத்துப்போயிருந்தால் இருமலே வராதாம். அதற்குப் பிறகு நாங்கள் கவனித்தது வேறு அடையாளங்களை. சாப்பிட்டதும் "ஆ" என்று சொல்லச் சொல்வோம். குரல் தண்ணீருக்குள்ளிருந்து வருவதுபோல் கொழகொழவென்று இருந்தால் தொண்டையில் ஏதோ நிற்கிறது என்று பொருள். சாப்பிடச் சாப்பிட மூச்சு வேகமாவது, கண் கலங்குவது, காரணமில்லாமல் அடிக்கடி வரும் லேசான காய்ச்சல், எடை குறைவது இவையும் அடையாளங்கள்தான்.

சரி, கஞ்சிக்கு வருகிறேன். இரண்டாவது தடவை வீட்டுக்கு வரும்முன் தெரபிஸ்ட் என்னிடம், "நீங்க கேப்பைக் கஞ்சி எப்படிக் குடுத்தீங்க, நடந்தது அப்படியே சொல்லுங்க" என்றார். சொன்னேன். அம்மா கஞ்சி காய்ச்சுவார், கெட்டியாகத்தான் இருக்கும். பெரிய கிண்ணத்தில் ஊற்றி, ஸ்பூனால் நான் ஊட்டுவேன். முதல் பாதி நன்றாகப் போகும். கடைசிப் பாதியில்தான் புரை ஏறும். அவருக்குக் களைப்பு வந்துவிட்டது என்று நினைத்துக்கொள்வேன். "ஒரே ஸ்பூன்தானா?" என்று கேட்டார். ஆமாம். வாயில் வைத்த ஸ்பூனையே திரும்பக் கிண்ணத்தில் போட்டு எடுப்பேன். வேறு எப்படி ஊட்டுவது?

அதுதான் கோளாறு. கேப்பை மாவு, அரிசி மாவு, சோளமாவு எல்லாமே ஸ்டார்ச். நம் எச்சிலில் ஸ்டார்ச்சை உடைக்கும் நொதி இருக்கிறது. சோற்றை நெடுநேரம் மென்றால் இனிப்பது அதனால்தான். எச்சில் பட்ட ஸ்பூன் ஒவ்வொரு தடவையும் கிண்ணத்துக்குள் போகப் போக, கஞ்சி கிண்ணத்திலேயே நீர்த்துக்கொண்டிருந்திருக்கிறது. நான் நம்பவில்லை. கஞ்சி ஆற ஆற இறுகத்தானே வேண்டும்?

வீட்டுக்கு வந்து அளந்து பார்த்தேன். தெரபிஸ்ட் கற்றுக்கொடுத்த முறை எளியது. பத்து மில்லி சிரிஞ்ச், ஊசி வேண்டாம். உள்ளே தள்ளும் தண்டை உருவி எடுத்துவிட வேண்டும். நுனியை விரலால் அடைத்து, பத்து மில்லி கோடு வரை கஞ்சியை ஊற்ற வேண்டும். விரலை எடுத்துவிட்டுப் பத்து நொடி ஓடவிட்டு, மறுபடி அடைக்க வேண்டும். உள்ளே எவ்வளவு மீதி நிற்கிறது என்பதுதான் கெட்டியின் அளவு. தண்ணீரானால் முழுக்க ஓடிவிடும். அப்பாவுக்குச் சொன்ன கெட்டி, நாலு மில்லிக்கும் எட்டு மில்லிக்கும் இடையில் மீதி நிற்பது. உலகம் முழுக்கப் பயன்படுத்தும் ஐ.டி.டி.எஸ்.ஐ. என்ற அளவுமுறையில் அது இரண்டாம் நிலை. எல்லாக் கம்பெனி சிரிஞ்சும் ஒரே நீளம் இல்லை, பூஜ்யத்திலிருந்து பத்து வரை ஏறக்குறைய ஆறு சென்டிமீட்டர் (சரியாகச் சொன்னால் 61.5 மில்லிமீட்டர்) இருக்கும் சிரிஞ்சில்தான் இந்தக் கணக்கு பொருந்தும். ஸ்கேல் வைத்துப் பார்த்தே வாங்கினேன். மெடிக்கல் ஷாப்காரர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

அன்று காலை, ஊட்டும் சூட்டில் அளந்தபோது கஞ்சி ஆறு மில்லி நின்றது. பழைய பழக்கம்போலவே நான் என் வாயில் ஸ்பூனை வைத்து வைத்து இருபது நிமிடம் கஞ்சி குடித்தேன். மிச்சமிருந்ததை அளந்தேன். ஒன்றரை மில்லிதான் நின்றது. மற்றதெல்லாம் ஓடிவிட்டது. அதாவது அப்பாவுக்கு முதல் பாதியில் கஞ்சியும் கடைசிப் பாதியில் ஏறத்தாழத் தண்ணீரும் கொடுத்திருக்கிறேன். அதுவும் அவர் களைத்திருந்த நேரத்தில்.

அதற்கப்புறம் இரண்டு கிண்ணம், இரண்டு ஸ்பூன் என்று மாற்றினோம். பெரிய கிண்ணத்திலிருந்து எடுக்க ஒரு கரண்டி, அது அப்பா வாய்ப்பக்கமே போகாது. சின்னக் கிண்ணத்தில் நாலைந்து ஸ்பூன் அளவுதான் ஊற்றுவோம், அது தீர்ந்த பிறகே அடுத்தது. அம்மாவுக்கு இது பிடித்துப்போனது. எச்சில் பார்க்கும் வீடு எங்களுடையது. "நான் முன்னாடியே சொன்னேன்ல, எச்சில் கரண்டிய பாத்திரத்துல போடாதேன்னு" என்றார். சொன்னது உண்மைதான், காரணம்தான் வேறு.

தண்ணீர், காபி, இளநீர் இவற்றுக்குக் கடையில் விற்கும் கெட்டியாக்கும் பவுடர். இதில் இரண்டு வகை உண்டு. ஒன்று ஸ்டார்ச், மற்றது சாந்தன் கம் என்ற பசை. டின்னின் பின்பக்கம் சேர்மானப் பட்டியலில் எழுதியிருக்கும். பசை வகை எச்சிலுக்கு உடையாது, நேரமாக ஆக இறுகிக்கொண்டே போவதும் குறைவு. அதையே வாங்கச் சொன்னார்கள். எத்தனை கரண்டி என்பது டின்னுக்கு டின் வேறு, அதனால் புது டின் வாங்கினால் சிரிஞ்சை எடுத்துவிடுவேன். தண்ணீரில் சீக்கிரம் பிடிக்கும். பாலில் தாமதமாகும். முதல் நாள் காபியில் போட்டுக் கலக்கிவிட்டு, நீர்த்தே இருக்கிறதே என்று அம்மா இன்னொரு கரண்டி போட்டார். ஐந்து நிமிடத்தில் அது பசைமாவு போல ஆகிவிட்டது. போட்டு, வேகமாகக் கலக்கி, சில நிமிடம் விட்டு, மறுபடி கலக்கிப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், இது எங்கள் மருந்தாளர் சொன்னது. படுத்தே இருப்பவர்களுக்கு மலச்சிக்கல் வரும், அதற்குத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் பொடி எழுதிக் கொடுப்பார்கள். அதில் பாலிஎதிலீன் கிளைகால் இருந்தால், ஸ்டார்ச் பவுடர் போட்டுக் கெட்டியாக்கிய திரவத்தோடு சேரும்போது கெட்டி போய்விடும். கரைந்து தண்ணீராகிவிடும். கெட்டியாக்கித்தானே கொடுத்தோம் என்று நாம் நிம்மதியாக இருப்போம். மலமிளக்கி எழுதும்போது விழுங்கும் சிக்கலையும், எந்த வகைப் பவுடர் என்பதையும் டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும். மாத்திரையும் அப்படித்தான். எல்லா மாத்திரையையும் பொடி செய்யக் கூடாது. மேல்பூச்சு போட்டவை, மெதுவாகக் கரையும்படி செய்தவை இவற்றை நசுக்கினால் மருந்தின் வேலையே மாறிவிடும். அப்பாவின் மாத்திரைகளை ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டோம். சிலவற்றை மாற்றி எழுதினார்கள், சிலவற்றை மசித்த பப்பாளி ஒரு ஸ்பூனில் பொதிந்து கொடுத்தோம்.

உட்காரவைப்பதில்தான் வீட்டில் சண்டை. அப்பாவுக்குத் தரையில் சம்மணம் போட்டோ சாய்வு நாற்காலியில் சாய்ந்தோ சாப்பிட்டுப் பழக்கம். கட்டிலில் தலையணை அடுக்கிச் சாய்த்துக் கொடுத்தால் வசதி என்று நாங்கள் முதலில் அப்படித்தான் செய்தோம். ஐந்து நிமிடத்தில் இடுப்பு வழுக்கிக் கீழே போகும், முதுகு வளையும், தலை பின்னால் சாயும். தலை பின்னால் சாய்ந்தால் மூச்சுக்குழாய் திறந்துகொள்ளும். இப்போது கை வைத்த மரநாற்காலி. இடுப்பு நாற்காலியின் பின்பக்கத்தில் ஒட்டியிருக்க வேண்டும், முதுகு நேராக, இரண்டு பாதமும் தரையில். அப்பாவுக்குக் கால் எட்டவில்லை, கீழே ஒரு பலகை போட்டோம். வலது பக்கம் சரிவார் என்பதால் அந்தப் பக்கம் ஒரு தலையணையைச் செருகினோம், வலது கையை எதிரில் மேஜைமேல் எடுத்து வைத்தோம். தாடை லேசாகக் கீழ்நோக்கி.

நான் நின்றுகொண்டுதான் ஊட்டுவேன். தெரபிஸ்ட் வீடியோ அனுப்பச் சொல்லிப் பார்த்துவிட்டு, "நீங்க நின்னா அவர் அண்ணாந்துதான் உங்களப் பாப்பார். உக்காருங்க" என்றார். ஒரு முக்காலியில் அவர் கண்ணுக்கு நேராக உட்கார்ந்தேன். ஸ்பூன் கீழிருந்து வர வேண்டும், உணர்ச்சியுள்ள இடது பக்க நாக்கில் வைக்க வேண்டும். மதுரையில் வீடியோ பரிசோதனையின்போது முகத்தை வலது பக்கம் திருப்பி விழுங்கச் சொன்னார்கள். தளர்ந்த பக்கம் மூடிக்கொண்டு, திரவம் நல்ல பக்கம் வழியாகப் போனதைத் திரையிலேயே பார்த்தோம். அதனால் அப்பாவுக்கு அதையும் சொல்லிக் கொடுத்தார்கள். இது எல்லோருக்கும் பொருந்தாது. பரிசோதித்துப் பார்த்தவர் சொன்னால் மட்டும் செய்ய வேண்டும்.

நம் ஊரில் தம்ளரை உதட்டில் படாமல் அண்ணாந்து ஊற்றிக் குடிக்கிறோமே, விழுங்கச் சிரமப்படுபவருக்கு அதைவிட மோசமான முறை கிடையாது. குழந்தைக்கு ஊற்றும் பாலாடையும் அப்படித்தான். பார்க்க வந்த அத்தை ஒருவர், "தம்பிக்கு ஸ்பூன்ல எங்க போகுது" என்று சொல்லிப் பாலாடையை எடுத்தார். பிடுங்க வேண்டியதாயிற்று. அவருக்கு வருத்தம். "தண்ணிகூடக் குடுக்காம அவனைப் பட்டினி போடுறீங்க" என்று தெரு முழுக்கச் சொன்னார். அதில் ஒரு பாதி நியாயம் இருந்தது. கெட்டித் தண்ணீர் தாகத்தைத் தணிக்காது, வாயில் வழவழவென்று நிற்கும், அப்பா பாதியிலேயே கையை ஆட்டிவிடுவார். முதல் பத்து நாளில் சிறுநீர் அடர்மஞ்சளாகிவிட்டது. ஒரு சின்ன நோட்டில் ஒவ்வொரு தடவையும் எவ்வளவு குடித்தார் என்று எழுதினோம். ஒரேயடியாக ஒரு தம்ளர் நீட்டுவதை விட்டு, ஒன்றரை மணிக்கு ஒரு தடவை அரைத் தம்ளர் என்று மாற்றினோம். எலுமிச்சை, சீரகம், சுக்கு என்று சுவை மாற்றியதும் கொஞ்சம் இறங்கியது.

சாப்பாட்டில் நாங்கள் செய்த பெரிய தவறு ரசம் சோறு. மசித்த சோறுதானே, மெதுவானதுதானே என்று கொடுத்தோம். ஒரே வாயில் நீரும் கட்டியும் சேர்ந்து போவது விழுங்கச் சிரமமுள்ளவருக்கு மிகக் கடினம். சோற்றை அவர் மெல்லும்போதே ரசம் தொண்டைக்கு ஓடிவிடும். சாம்பாரில் மிதக்கும் இட்லி, பாலில் ஊறிய பிஸ்கட், நீர் கசியும் தயிர் சோறு, தர்பூசணி எல்லாம் இந்த வகை. அப்பாவுக்கு ரசம் இல்லாமல் சாப்பாடு இறங்காது. ரசத்தைக் கெட்டியாக்கி, குழைந்த சோற்றோடு ஒன்றாக மசித்துப் பிசைந்ததும் பிரச்சினை தீர்ந்தது.

சோற்றை மிக்சியில் போட்டு அரைப்பதும் வேண்டாம். அம்மா அரைத்ததும் அது கோந்து மாதிரி இழுத்தது. ஸ்பூனைச் சாய்த்துப் பார்த்தால் தெரியும். மொத்தமாக ஒரே கட்டியாக நழுவி விழ வேண்டும், ஸ்பூனில் கொஞ்சம் பூசினாற்போல் மட்டும் மிஞ்ச வேண்டும். ஆட்டியும் விழாமல் ஒட்டிக்கொண்டால் அது தொண்டையிலும் ஒட்டும். நிறையத் தண்ணீர் விட்டு நாலு விசிலுக்கு மேல் குழையவிட்டு, பாசிப்பருப்பும் நெய்யும் சேர்த்துக் கையால் மசித்தபோது சரியாக வந்தது. ஒரு மாதம் கழித்து மசியலிலிருந்து சிறுதுண்டுக்கு ஏற்றினார்கள். துண்டு முட்கரண்டியின் இரண்டு பற்களுக்கு நடுவே போகிற அளவு, நாலு மில்லிமீட்டர்தான், ஈரமாகவும் அழுத்தினால் நசுங்குவதாகவும் இருக்க வேண்டும். பூசணி, கேரட், உதிர்த்த மீன் போனது. முருங்கைக்காய் நார், அப்பளம், சுண்டல், உதிரி உப்புமா பக்கமே போகவில்லை. ஐஸ்கிரீம் கேட்டார். அது வாய்க்குள் தண்ணீராகிவிடும் என்பதால் அவர் கேட்டும் கொடுக்க முடியாமல்போனது எனக்கு இன்னும் உறுத்துகிறது.

வேகம் பற்றி ஒன்று. ஒரு டீஸ்பூன் வைத்ததும் குரல்வளை ஏறி இறங்குவதைப் பார்க்க வேண்டும், மறுபடி ஒருமுறை வெறுமனே விழுங்கச் சொல்ல வேண்டும், பிறகே அடுத்த ஸ்பூன். டிவியை அணைத்துவிடுவோம், பேச்சுக் கொடுக்க மாட்டோம். அரைமணி தாண்டினால் களைப்பு வரும், தட்டில் மிச்சம் இருந்தாலும் நிறுத்திவிடுவோம், இரண்டு மணி நேரம் கழித்து மிச்சத்தைக் கொடுப்போம். தூக்கக் கலக்கத்தில் இருந்தால் கொடுப்பதே இல்லை. முடிந்ததும் அரைமணி நேரமாவது அதே நாற்காலியில் நேராக இருப்பார்.

ஒருநாள் மாலை நாலு மணிக்கு அவர் வாயைத் திறந்தபோது வலது கன்னத்துக்குள் மதியச் சோறு உருண்டையாக இருந்தது. அந்தப் பக்கம் உணர்ச்சி இல்லாததால் அவருக்கே தெரியவில்லை. அப்படியே படுக்கவைத்திருந்தால்? அன்றிலிருந்து ஒவ்வொரு சாப்பாட்டுக்குப் பிறகும் டார்ச் அடித்துப் பார்த்து, ஈரத்துணி சுற்றிய விரலால் துடைத்து, சின்ன பிரஷ்ஷால் தேய்க்கிறோம். பல்செட்டைக் கழற்றிக் கழுவுகிறோம். நுரையீரலைக் கெடுப்பது உள்ளே போகும் சாப்பாடு மட்டுமில்லை, அதோடு போகும் வாயின் கிருமியும்தான் என்று சொன்ன பிறகு, இந்த ஒரு வேலையை நாங்கள் ஒருநாளும் விட்டதில்லை.

அப்படியும் முழுசாக அடைத்துக்கொண்டால், அதாவது இருமவும் முடியாமல், குரலும் வராமல், உதடு நீலமானால், முன்னால் குனியவைத்துத் தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கையின் அடிப்பகுதியால் ஐந்து தடவை ஓங்கித் தட்டி, அது போதாவிட்டால் பின்னாலிருந்து கட்டிப்பிடித்து, தொப்புளுக்கு மேலே வைத்த முஷ்டியை உள்ளேயும் மேலேயுமாக ஐந்து தடவை அழுத்த வேண்டும் என்று கற்றுக்கொடுத்தார்கள். இன்னொருவர் 108-க்கு அழைக்க வேண்டும். நாங்கள் செய்யும்படி ஆகவில்லை. அப்பா நன்றாக இருமிக்கொண்டிருந்தால் தட்டவே மாட்டோம், இருமலே வேலையைச் செய்யும். உச்சந்தலையில் தட்டுவதை அம்மா விட்டுவிட்டார்.

மூன்றாம் மாதம் மறுபடி வீடியோ பரிசோதனை. சாதாரணத் தண்ணீர் சின்ன மடக்காகப் போனபோது உள்ளே இறங்கவில்லை. முதலில் ஒரு நிபந்தனையோடுதான் விட்டார்கள். சாப்பாட்டோடு கூடாது, சாப்பிட்டு அரைமணி கழித்து, வாயைச் சுத்தமாகத் தேய்த்த பிறகு, நேராக உட்கார்ந்து, சின்னச் சின்ன மடக்காக. அன்று வீட்டுக்கு வந்ததும் பல் தேய்த்துவிட்டு அப்பாவின் இடது கையில் எவர்சில்வர் தம்ளரைக் கொடுத்தோம். பானைத் தண்ணீர். அவர் பழக்கத்தில் தம்ளரை உயரத் தூக்கி, தலையைப் பின்னால் சாய்த்தார்.

"என்னங்க, வாய வச்சுக் குடிங்க" என்று அம்மா தம்ளரை அமுக்கிப் பிடித்தார்.

அப்பா ஒரு மடக்கு குடித்தார். நான் குரல்வளையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஏறி இறங்கியது. "ஆ சொல்லுங்க" என்றேன். சொன்னார். குரல் தெளிவாக இருந்தது. அடுத்த மடக்கு.